மங்கலான புகைப்படத்து நீள்வட்டத்தின் குவியம் எங்கே?

புகைப்படமாக வந்த வினாத்தாளில் x²/25 + y²/9 = 1 என்றிருக்க, அதன் குவியங்களை எப்படிக் காண்பது என்று யோசிக்கிறீர்களா?

கூட்டற்குறி இருப்பதால் அது நீள்வட்டம். 25, 9 என்பவற்றின் வர்க்கமூலங்களாகிய 5, 3 அரை அச்சுகளாதலின், நெட்டச்சு 10, குற்றச்சு 6 ஆகும்.

குற்றச்சின் நுனியிலிருந்து குவியத்துக்குள்ள தூரம் எப்போதும் அரை நெட்டச்சுக்குச் சமம். ஆகவே 3 அடிச் சுவரின் உச்சியில் 5 அடி ஏணியைச் சாய்த்ததாகப் பாவனை செய்தால், அதன் அடி விலகி நிற்கும் 4 அடியே மையத்துக்கும் குவியத்துக்கும் இடையிலான தூரமாகும்.

எனவே குவியங்கள் (4, 0), (−4, 0); நான்கை ஐந்தால் வகுக்க, மையத்தொலைத்தகவு 0.8.

படத்தில் கூட்டற்குறியின் நிமிர்கோடு மங்கிக் கழித்தலாகத் தெரிந்தாலோ, அதே எண்கள் அதிபரவளையமாகி, தகவு ஏறத்தாழ 1.17 ஆகிவிடும்.

வினா நீள்வட்டம் என்று சொல்ல, உங்கள் விடையில் தகவு ஒன்றைத் தாண்டினால், குறியை மறுபடி பாருங்கள்.