மொத்தம் சரியாக வந்தாலும் வினாத்தாள் தப்பாக இருக்கலாம்

உளுந்தூர்பேட்டை வட்டத்துக் களமருதூரில் மாலை நேர டீக்கடை பெஞ்சு, பள்ளிக்கூடத்துப் பேச்சுக்குத் தோதான இடம். பத்தாம் வகுப்பு அறிவியல் எடுக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் திருப்புதல் தேர்வுக்குத் தாம் தயாரித்த வினாத்தாளையும் அதன் ப்ளூ பிரிண்டையும் நீட்டினார். "கூட்டிப் பார்த்துட்டேன் ஐயா, 75 வருது" என்றார். 75 வந்தது உண்மைதான். ஆனாலும் அந்தத் தாளில் மூன்று தவறுகள் இருந்தன. மூன்றும் ஒன்றுக்கொன்று வேறு வகை.

அறிவியலுக்கு நம் அரசுப் பொதுத்தேர்வில் செய்முறை 25, எழுத்துத் தேர்வு 75. அந்த 75 நாலு பகுதியாகப் பிரிகிறது. முதல் பகுதியில் ஒரு மதிப்பெண் வினா 12, எல்லாவற்றையும் எழுத வேண்டும். இரண்டாம் பகுதியில் 10 வினா கொடுத்து 7 எழுதச் சொல்கிறோம், ஒன்றுக்கு 2. மூன்றாம் பகுதியிலும் 10 கொடுத்து 7, ஒன்றுக்கு 4. நாலாம் பகுதியில் 3 வினா, ஒன்றுக்கு 7, ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. 12, 14, 28, 21 என்று கூட்டினால் 75.

இது பிள்ளை எழுத வேண்டிய மதிப்பெண். தாளில் அச்சாகும் மதிப்பெண் வேறு. சாய்ஸில் விடப்படும் வினாக்களையும் 'அல்லது'வின் இரண்டு பக்கங்களையும் சேர்த்தால் 12, 20, 40, 42, ஆக 114. ப்ளூ பிரிண்ட் அட்டவணையில் பாடவாரியாகக் கட்டம் போடும்போது நாம் நிரப்புவது இந்த 114-ஐத்தான். 75-ஐ மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கட்டத்தைச் சரிபார்க்க முடியாது, ஏனென்றால் எந்த வினாவைப் பிள்ளை விடும் என்று நமக்குத் தெரியாது. சிலர் 'அல்லது' வினாவை ஒரு முறை மட்டும் எண்ணி 93 என்று கணக்கு வைப்பார்கள். அதுவும் சரிதான், தாள் முழுக்க ஒரே முறையைப் பின்பற்றினால். பாதிக்கு அப்படி, பாதிக்கு இப்படி என்று போனால் 7-இன் மடங்கில் உதைக்கும். வித்தியாசம் 7 என்றால் ஒரு 'அல்லது', 14 என்றால் இரண்டு என்று அங்கே தேட ஆரம்பிக்கலாம்.

தம்பியின் அட்டவணையும் 114 காட்டியது. இதுதான் ஏமாற்றும் இடம். நான் மதிப்பெண்ணைக் கூட்டுவதை விட்டுவிட்டு, நெடுக்காக ஒவ்வொரு பத்தியிலும் எத்தனை வினா என்று எண்ணச் சொன்னேன். ஒரு மதிப்பெண் 12, சரி. இரு மதிப்பெண் 12. நாலு மதிப்பெண் 9. ஏழு மதிப்பெண், 'அல்லது' சேர்த்து, 6. கரைசல்கள் பாடத்திலிருந்து வர வேண்டிய ஒரு நாலு மதிப்பெண் வினாவைப் பிரித்து இரண்டு இரு மதிப்பெண் வினாவாக அட்டவணையில் போட்டுவிட்டார். நாலு போய் நாலு வந்ததால் மொத்தம் அசையவில்லை. வினாவின் எண்ணிக்கைதான் காட்டிக்கொடுத்தது: 38 இருக்க வேண்டிய இடத்தில் 39. ஆகவே அட்டவணையை இரண்டு முறை கூட்ட வேண்டும், மதிப்பெண்ணாக ஒரு முறை, எண்ணிக்கையாக ஒரு முறை. இரண்டும் பத்திக்குப் பத்தி பொருந்தினால்தான் அட்டவணை சரி.

அடுத்தது கட்டாய வினா. 22-ஆம் வினாவும் 32-ஆம் வினாவும் கட்டாயம். பொதுத்தேர்வுத் தாளில் ஏழு வினாக்களுக்கு விடையளிக்கச் சொல்லி, அந்த ஏழுக்குள் 22 கட்டாயம் என்று குறிப்பு வரும். அதாவது மற்ற ஒன்பதிலிருந்து ஆறு, கட்டாயம் ஒன்று. தம்பி பிள்ளைகளுக்குத் தெளிவாக இருக்கட்டும் என்று அதைப் பிரித்து எழுதியிருந்தார்: 13 முதல் 21 வரை ஏதேனும் ஏழு, அதற்குக் கீழே தனித் தலைப்பில் 22 கட்டாயம். மூன்றாம் பகுதியிலும் அதேபோல. ஓரத்தில் மட்டும் பழைய தாளிலிருந்து வந்த 7×2=14, 7×4=28 அப்படியே நின்றது. அந்த ஓரக் கணக்கைக் கூட்டித்தான் அவருக்கு 75 கிடைத்தது. குறிப்பில் சொன்னபடி ஒரு பிள்ளை எழுதினால் எட்டு இரண்டு 16, எட்டு நாலு 32, மொத்தம் 81. மிகுதி 6. இரண்டும் நாலும் சேர்ந்த ஆறு என்பதால், பகுதிக்கு ஒரு வினா கூடிவிட்டது என்று வித்தியாசமே சொல்லிவிடுகிறது. ஓரத்தில் இருக்கும் பெருக்கலை மறைத்துவிட்டு, குறிப்பு வாக்கியத்தை மட்டும் படித்து நாமே புதிதாகப் பெருக்கிப் பார்ப்பதுதான் இதற்கு வழி.

நேரம் எடுத்துப் பார்க்க வேண்டியது 'அல்லது' வினாக்களை. ஏழு மதிப்பெண் வினாக்களை நாம் பெரும்பாலும் உட்பிரிவாகத்தான் கேட்கிறோம். தம்பியின் 34-ஆம் வினாவில் அ பக்கம், ஓம் விதிக்கு 3, அதையொட்டிய கணக்கீட்டுக்கு 4. நல்லது, ஏழு. ஆ பக்கம் ஒளியியலிலிருந்து மூன்று சிறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2. கூட்டினால் ஆறுதான். இந்தப் பக்கத்தை எடுத்த பிள்ளை எல்லாவற்றையும் பிழையில்லாமல் எழுதினாலும் 74-க்கு மேல் போக முடியாது. எழுத்துத் தேர்வில் தேர்ச்சிக்கு 20 வேண்டும் என்ற நிலையில் 19-இல் நிற்கும் பிள்ளைக்கு அந்த ஒரு மதிப்பெண் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்று 'அல்லது' இருந்தால் பிள்ளை போகக்கூடிய வழி எட்டு. எட்டையும் தனித்தனியாகக் கூட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு வினாவிலும் இரண்டு பக்கமும் தனித்தனியே ஏழு வருகிறதா என்று பார்த்தால் போதும், எட்டு வழியும் தானாக 75-இல் வந்து சேரும். மதிப்பெண் சமமானால் மட்டும் வேலை முடியாது என்பது என் எண்ணம். ஒரு பக்கம் படம் வரைந்து பாகம் குறித்தாலே நாலு கிடைக்கும், மறு பக்கம் சமன்பாடு வருவித்தால்தான் கிடைக்கும் என்றிருந்தால் எண் சமம், உழைப்பு சமமில்லை.

சாய்ஸின் அளவையும் பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டாம் பகுதியில் மூன்று, மூன்றாம் பகுதியில் மூன்று வினாக்களைப் பிள்ளை விடலாம். அது 6-உம் 12-உமாக 18 மதிப்பெண். மின்னோட்டவியல் வினாக்கள் எல்லாம் இந்த விடக்கூடிய இடங்களிலேயே விழுந்திருந்தால், அந்தப் பாடத்தைத் தொடாமலே ஒருவர் 75 வாங்கலாம். அப்படியிருக்கையில் அட்டவணையில் அந்தப் பாடத்துக்கு எழுதிய எடை வெறும் காகித எடை. முக்கியம் என்று நினைக்கிற பாடத்திலிருந்து ஒன்றையாவது ஒரு மதிப்பெண் பகுதியிலோ கட்டாய வினாவிலோ வைக்க வேண்டும்.

தம்பி மூன்றையும் அங்கேயே பேனாவால் திருத்தினார். ப்ளூ பிரிண்ட் போடுகிற மற்ற ஆசிரியர்களிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வினாத்தாளை நகலெடுக்க அனுப்பும் முன் விடைக்குறிப்பை எழுதிவிடுங்கள், 'அல்லது'வின் இரண்டு பக்கத்துக்கும், உட்பிரிவு மதிப்பெண்ணோடு. ஆறு மதிப்பெண் வினாவுக்கு ஏழு மதிப்பெண் விடைக்குறிப்பு எழுத உட்கார்ந்தால், அந்த நிமிடமே கை நின்றுவிடும்.