பூஜ்ஜியமா, ஓ-வா? ஸ்டிக்கரே சொல்லும்

வைஃபை ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். வாங்கியவர் பாஸ்வேர்டை அடிக்கிறார், இணைப்பு கிடைக்கவில்லை. படம் ஓரளவு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்காவது இடத்தில் இருப்பது பூஜ்ஜியமா, ஆங்கில ஓ எழுத்தா என்பதுதான் தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளிகள்தான் பெரிதாகின்றன.

இந்தச் சந்தேகத்தைக் கண்ணால் மட்டும் தீர்க்க வேண்டியதில்லை. ஸ்டிக்கரின் ஒவ்வொரு வரிக்கும் இன்னின்ன எழுத்துகள்தான் வரலாம் என்ற வரம்பு உண்டு. ஒரு மாதிரி ஸ்டிக்கரைப் பார்க்கலாம்:

```
SSID:     HomeNet_0B8D
MAC:      02-1A-3C-5E-0B-8D
Password: 4A70D19C
Login:    http://192.168.0.1
```

தொடங்க வேண்டிய இடம், யாரும் கண்டுகொள்ளாத MAC வரி. கருவியின் இந்த அடையாள எண் பதினாறடிமான முறையில் எழுதப்படுகிறது. அதில் 0 முதல் 9 வரையிலான இலக்கங்களும் A முதல் F வரையிலான எழுத்துகளும் மட்டுமே உண்டு. எனவே அந்த வரியில் வட்டமாகத் தெரிவது ஓ-வாக இருக்கவே முடியாது. அதேபோல் S போலத் தெரிவது 5, I போலத் தெரிவது 1. ஆனால் B-யும் 8-ம் இரண்டுமே அங்கே வரலாம். அந்தக் குழப்பத்தை இந்த விதி தீர்க்காது.

அதற்கு உதவுவது SSID, அதாவது நெட்வொர்க்கின் பெயர். பல நிறுவனங்கள் MAC எண்ணின் கடைசி நான்கு குறிகளையே பெயரின் வாலாக ஒட்டிவிடுகின்றன. மேலே உள்ள மாதிரியில் 0B8D இரண்டு வரிகளிலும் வருகிறது. இந்தப் பெயரை ரூட்டரே ஒலிபரப்புவதால், போனின் வைஃபை பட்டியலில் அது தெளிவான எழுத்தில் தெரியும். தட்டச்சு செய்யத் தேவையில்லை, தொட்டால் போதும். (சில ரூட்டர்களில் வால் ஓரிரு எண் தள்ளியிருக்கும், அதனால் பட்டியலில் தெரிவதையே நம்ப வேண்டும்.)

இப்போது படத்திலேயே சந்தேகமில்லாத ஒரு பூஜ்ஜியமும், ஒரு B-யும், ஒரு 8-ம் கைக்கு வந்துவிட்டன. சந்தேகமில்லாத ஓ வேண்டுமென்றால், ஸ்டிக்கரில் MODEL என்ற சொல் அச்சாகியிருந்தால் அதில் இருக்கும். பாஸ்வேர்டில் உள்ள குறியை இவற்றோடு ஒப்பிட வேண்டும். பெரும்பாலான எழுத்துருக்களில் பூஜ்ஜியம் ஒடுங்கிய முட்டை வடிவம்; பெரிய ஓ அகன்று ஏறக்குறைய வட்டமாக இருக்கும். சிறிய o என்றால் உயரமே காட்டிக்கொடுக்கும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். பாஸ்வேர்டு வேறு எழுத்துருவிலோ தடித்தோ அச்சாகியிருந்தால் ஒப்பீடு செல்லாது. சாய்வாகப் பிடித்த படத்தில் ஓரத்து ஓ-வும் ஒடுங்கித் தெரியும். ஃபிளாஷ் இல்லாமல் நேராக மறுபடி பிடிப்பதுதான் நல்லது.

மாதிரியின் பாஸ்வேர்டு 4A7?D19C என்று படிக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். சந்தேகமில்லாத ஏழு குறிகளும் பதினாறடிமான வரம்புக்குள்ளேயே நிற்கின்றன. எல்லா எழுத்துகளும் இலக்கங்களுமாக 36 குறிகளிலிருந்து குருட்டாம்போக்கில் எடுத்திருந்தால், ஏழும் அப்படி அமைய ஏறக்குறைய முந்நூறில் ஒரு வாய்ப்புதான். ஆகவே இந்தப் பாஸ்வேர்டே பதினாறடிமானம் என்றும், நடுவில் இருப்பது பூஜ்ஜியம் என்றும் கொள்ளலாம். hT4?wK?9 போன்ற கலவையில் இந்தத் தர்க்கம் செல்லாது. ஆனாலும் இரண்டு இடங்களில் இரண்டிரண்டு வாய்ப்பு என்றால் மொத்தம் நான்கே முயற்சிகள்.

அந்த முயற்சிகளை வைஃபையில் செய்து பார்க்கலாம். ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் அல்ல. சில தவறான முயற்சிகளுக்குப் பின் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்வது உண்டு. நான்கும் பொய்த்தால், எழுத்தைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு, பாஸ்வேர்டை யாரோ ஏற்கெனவே மாற்றியிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஸ்டிக்கரில் இருப்பது தொழிற்சாலையில் வைத்தது மட்டுமே. உடனே ரீசெட் பொத்தானை அழுத்துவது ஆபத்து: சேவை நிறுவனம் பதிந்து வைத்த இணைப்பு விவரங்களும் அதோடு அழிந்துபோகலாம்.

ஸ்டிக்கரில் க்யூஆர் கட்டம் இருந்தால் முதலில் அதை ஸ்கேன் செய்து பார்ப்பது புத்திசாலித்தனம். சிலவற்றில் வரிசை எண்ணோ செயலிக்கான இணைப்போதான் இருக்கும். கிடைக்கும் வரி இப்படித் தொடங்கினால் மட்டுமே அது வைஃபைக்கானது:

```
WIFI:T:WPA;S:HomeNet_0B8D;P:4A70D19C;;
```

கடைசி வரியான நிர்வாக முகவரி எண்களாக இருந்தால், அது நான்கு எண்களும் மூன்று புள்ளிகளும்தான். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. அங்கேயும் ஓ-வுக்கு இடமில்லை. எழுத்தறியும் செயலிகள் புள்ளியைக் காற்புள்ளியாகவும் 1-ஐ சிறிய l ஆகவும் படிப்பதுண்டு. வைஃபையில் இணைந்தபின் போனின் நெட்வொர்க் விவரத்தில் 'கேட்வே' என்ற இடத்தில் பார்த்தால், வீடுகளில் பெரும்பாலும் அதே முகவரி இருக்கும். அதை http:// சேர்த்து பிரவுசரின் முகவரிப் பட்டையில் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சில பிரவுசர்கள் அதைத் தேடல் சொல்லாக எடுத்துக்கொள்ளும். அங்கே கேட்கப்படும் பாஸ்வேர்டு வைஃபைக்கு உரியது அல்ல. பல ரூட்டர்களில் ஸ்டிக்கரில் அதற்கென்று தனி வரி இருக்கும்.