பெட்டி கட்டும் முன் வார்டனிடம் கேளுங்கள்

விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்ததும் கையில் ஒரு தாளைக் கொடுப்பார்கள். வாளி, குவளை, தட்டு, டம்ளர், பூட்டு, தலையணை என்று வரிசையாக இருக்கும். சீருடை எத்தனை செட் என்பது மட்டும் பல தாள்களில் இருக்காது. நாமும் கடைக்குப் போய், பக்கத்தில் நிற்கும் இன்னொரு பெற்றோர் எடுப்பதைப் பார்த்து அதையே எடுத்துவிடுகிறோம். அதற்கு முன் வார்டனுக்கு ஒரு போன் போட்டு, துணி வாரத்துக்கு எத்தனை முறை சலவைக்குப் போகிறது, திரும்பிவர எத்தனை நாள் ஆகிறது என்று கேளுங்கள். அது தெரிந்தால் சீருடைக் கணக்கு தானாக வந்துவிடும்.

ஆறாம் வகுப்பில் சேரும் ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். திங்கள் முதல் வெள்ளி வரை சீருடை. ஞாயிறு காலை சலவைக்குப் போடும் துணி செவ்வாய் மாலைதான் திரும்பி வரும். தினம் ஒரு சட்டை என்றால் ஞாயிறன்று ஐந்து அழுக்குச் சட்டை போய்விடும். திங்களும் செவ்வாயும் போட இன்னும் இரண்டு வேண்டும். ஆக ஏழு சட்டை. பேன்ட்டை இரண்டு நாள் போடலாம் என்றால் நான்கு போதும். அதே விடுதியில் புதன் மாலையும் சனி மாலையும் துணி எடுத்து, இரண்டே நாளில் கொடுக்கிறார்கள் என்றால் ஐந்து சட்டையும் மூன்று பேன்ட்டும் போதும். மூன்று சட்டையோடு அனுப்பிவிட்டு, பையன் ஏன் அழுக்குச் சட்டையோடு நிற்கிறான் என்று கேட்பதில் நியாயமில்லை.

உள்ளாடையையும் காலுறையையும் பெரும்பாலும் பிள்ளைகளே துவைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அவை எட்டு ஜோடியாவது இருக்கட்டும். ஜூனில் இது அதிகமாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாமல் பெய்து, கொடியில் கிடக்கும் துணி மூன்று நாளானாலும் ஈரமாகவே இருக்கும்போது அருமை புரியும். காயாத உள்ளாடையைப் போட்டுக்கொண்டால் தொடை இடுக்கில் படர்தாமரை வர வழி பிறக்கும். நைலான் கயிறு ஒன்றும் ஒரு டஜன் கிளிப்பும் பெட்டியில் வையுங்கள்.

தைக்கக் கொடுக்கும்போது பேன்ட்டின் கால் மடிப்பில் இரண்டு அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள். இந்த வயதில் அரையாண்டுத் தேர்வுக்குள் கணுக்கால் வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். ஷூவையும் அப்படிப் பெரிதாக வாங்க வேண்டாம், நடக்கும்போது குதிகால் உரசிப் புண்ணாகும்.

துணியில் பெயரோ எண்ணோ போடாமல் எதையும் அனுப்பாதீர்கள். ஸ்கெட்ச் பேனாவால் எழுதியது சில சலவையிலேயே மங்கிவிடும். விடுதி கொடுத்த எண்ணை வேறு நிற நூலால் தைத்துவிடுவதுதான் நிற்கிறது. சட்டைக்குக் காலர் உட்புறம், பேன்ட்டுக்கு இடுப்புப் பட்டி, விரிப்புக்கும் துண்டுக்கும் ஒரே மூலை என்று வைத்துக்கொண்டால் நூறு துணிக்கு நடுவிலும் பிள்ளை சட்டென்று எடுத்துவிடும்.

படுக்கை வாங்குமுன் கட்டில் உண்டா, அதன் நீள அகலம் என்ன என்று கேளுங்கள். இரண்டடுக்குக் கட்டிலின் மேல் தட்டு கிடைத்தால் கனத்த மெத்தை ஆபத்து. மெத்தை உயர உயர, பிள்ளை உருண்டு விழாமல் தடுக்கும் பக்கக் கம்பி அந்த அளவுக்குத் தாழ்ந்துவிடும். இலவம்பஞ்சு மெத்தை சுகம்தான், ஆனால் துவைக்க முடியாது. அடிக்கடி வெயில் காட்டாவிட்டால் கட்டி கட்டியாகி நாற்றம் வரும். விடுதியில் அதை மாடிக்குத் தூக்கிப் போக ஆள் இல்லை. ஜிப் வைத்த உறை போட்ட மெல்லிய மெத்தை போதும். தரையில் படுக்கும் விடுதி என்றால் கோரைப்பாயும் ஜமக்காளமும் போதும். விரிப்பு மூன்று எடுங்கள்: ஒன்று விரிக்க, ஒன்று சலவையில், ஒன்று காய்ச்சல் வாந்தி என்று வந்தால் மாற்ற. பத்து வயது தாண்டியும் சில பிள்ளைகள் இரவில் படுக்கையை நனைப்பதுண்டு. உங்கள் பிள்ளைக்கு அது இருந்தால் ரப்பர் விரிப்பைக் கொடுத்து, வார்டனிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் அறையில் கேலிக்கு ஆளாவது பிள்ளைதான்.

படுக்கையையும் துண்டையும் யாரோடும் பகிரக் கூடாது என்று பிள்ளைக்கு அழுத்திச் சொல்லக் காரணம் சொறி சிரங்கு. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி தோலுக்குள் குடைந்து முட்டையிடுவதால் வருவது இது. நெருங்கிப் படுத்தாலே தொற்றும், துணி வழியாகவும் வரும். இரவில் அரிப்பு அதிகம். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொரி. முதல் முறை தொற்றினால் அரிப்புத் தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால் விடுமுறைக்கு வந்த பிள்ளை நன்றாகத்தான் இருப்பான், பிறகு வீடே சொறியும். மருத்துவர் தரும் களிம்பை, அரிப்பு இல்லாதவர்களும் உட்பட, உடன் இருக்கும் அனைவரும் ஒரே நாளில் பூச வேண்டும். ஒருவர் மட்டும் பூசினால் அடுத்தவரிடமிருந்து திரும்ப வரும். அன்றே விரிப்பு, துணிகளை வெந்நீரில் துவைக்க வேண்டும். துவைக்க முடியாததை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்தால் உண்ணி செத்துவிடும்.

மருந்து விஷயத்தில் நம் வீட்டுப் பழக்கம் கொஞ்சம் ஆபத்தானது. மீதமிருக்கும் ஆன்டிபயாடிக்கையும் அரிப்புக்கு வாங்கிய களிம்பையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். கடையில் கேட்டு வாங்கும் அரிப்புக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். படர்தாமரையில் பூசினால் இரண்டு நாள் அடங்கி, பிறகு முன்னைவிட அகலமாகப் பரவும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், அதையும் எடை பார்த்தே கொடுக்க வேண்டும். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளை அளவு. 30 கிலோ பிள்ளைக்கு 300 முதல் 450 மில்லிகிராம். ஆகவே பெரியவர்கள் போடும் 500 மாத்திரை முழுதாகப் போட்டால் சற்று அதிகம். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. வயிற்றுப்போக்குக்கு நான்கைந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வையுங்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில்தான் முழுதாகக் கரைக்க வேண்டும். டம்ளர் தண்ணீரில் கொட்டிக் குடித்தால் உப்பு மிகுந்து கெடுதல்.

இவை எல்லாம் வார்டன் கையில் இருக்கட்டும், பிள்ளையின் பெட்டியில் வேண்டாம். ஆஸ்துமாவுக்கான இன்ஹேலர் மட்டும் விதிவிலக்கு. மூச்சு முட்டும்போது பூட்டிய அலமாரியைத் திறக்க ஆள் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஒன்று பிள்ளையிடம், இன்னொன்று வார்டனிடம். மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுக்காதீர்கள், பெயரும் காலாவதித் தேதியும் போய்விடும். பிள்ளையின் எடை, ஒவ்வாத மருந்து, உங்கள் மருத்துவரின் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி டப்பாவுக்குள் ஒட்டுங்கள். பெண் பிள்ளைக்கு இன்னும் வயது வரவில்லை என்றாலும் நாப்கின் ஒரு பாக்கெட்டும் அதை எப்படி வைப்பது என்ற பேச்சும் புறப்படும் முன்பே முடிந்திருக்கட்டும்.

எழுதுபொருளுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. வருடம் முழுக்கத் தேவையான நோட்டுகளை மூட்டையாகக் கட்டாதீர்கள், பல பள்ளிகளில் உள்ளேயே கடை இருக்கும். கோடு போட்டதா போடாததா என்று வகுப்பாசிரியர் சொல்லும்வரை பொறுப்பது நல்லது. ஜாமெட்ரி பாக்ஸ், தேர்வு அட்டை, லேபிள், பழுப்பு அட்டைத்தாள், ஒரு பெட்டி சாதாரண பேனா போதும். விலை உயர்ந்த பேனா முதல் வாரத்திலேயே காணாமல் போகும், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பெட்டிச் சாவியில் ஒன்றை வார்டனிடம் கொடுத்துவிடுங்கள்.

முதல் சந்திப்பு ஞாயிறன்று முறுக்கும் அதிரசமும் கொண்டுபோங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். டப்பாவைத் திறக்கும் முன் பிள்ளையின் விரல் இடுக்கையும் தலைமுடியையும் ஒரு முறை பாருங்கள். சட்டைகளை எண்ணிப் பாருங்கள். குறைவதை அங்கேயே எழுதிக்கொண்டு அடுத்த முறை எடுத்துப் போங்கள்.