மைனஸ் வந்தால் அழிக்காதீர்கள்

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் மின்கலக் கணக்கு பார்க்க மிகச் சுலபமானது. இரண்டு எண்களைக் கொடுத்திருப்பார்கள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் விடை வந்துவிடும். ஆனால் எதிலிருந்து எதைக் கழிப்பது என்ற இடத்தில்தான் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள். விடை மைனஸில் வந்தால் பயந்துபோய் அந்தக் குறியை அழித்துவிட்டு நகர்கிறவர்கள் ஏராளம். அந்த ஒரு சின்னக் கோடு என்ன சொல்கிறது என்று யாராவது உட்கார்ந்து விளக்கியிருந்தால் அதை அழிக்கத் தோன்றாது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். துத்தநாகத் தகடு துத்தநாக சல்பேட் கரைசலில் நிற்கிறது. இரும்புத் தகடு இரும்பு சல்பேட் கரைசலில் நிற்கிறது. நடுவே உப்புப் பாலம். அட்டவணையில் துத்தநாகத்தின் திட்ட ஒடுக்க மின்னழுத்தம் −0.76 வோல்ட், இரும்பினுடையது −0.44 வோல்ட். இந்த மின்கலத்தின் மின்னழுத்தம் எவ்வளவு?

சரியான விடை 0.32 வோல்ட். ஆனால் விடைத்தாள்களில் −0.32, −1.20, 1.20 என்று இன்னும் மூன்று விடைகள் வரும். மூன்றும் தப்புதான் என்றாலும் தப்பு நடந்த இடம் ஒன்றல்ல.

முதலில் அந்த எண்களின் பொருளைப் பார்ப்போம். ஓர் உலோகத்தின் அயனி எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள எவ்வளவு முனைகிறது என்பதைத்தான் ஒடுக்க மின்னழுத்தம் காட்டுகிறது. ஹைட்ரஜன் மின்முனையைச் சுழியம் என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டு அளந்திருக்கிறார்கள். செம்பு +0.34, வெள்ளி +0.80 என்று மேலே இருக்கின்றன. இரும்பும் துத்தநாகமும் சுழியத்துக்குக் கீழே. கீழே போகப் போக வாங்கும் ஆசை குறையும், கொடுக்கும் சுபாவம் கூடும். ஆகவே இரும்பும் துத்தநாகமும் சேர்ந்தால் கொடுப்பது துத்தநாகம், வாங்குவது இரும்பு அயனி. எலக்ட்ரானை இழக்கும் இடம், அதாவது ஆக்சிஜனேற்றம் நடக்கும் இடம் ஆனோடு. எலக்ட்ரான் வந்து சேரும் இடம், அதாவது ஒடுக்கம் நடக்கும் இடம் கேத்தோடு. இங்கே துத்தநாகம் ஆனோடு, இரும்பு கேத்தோடு.

மாணவர் இடறுவது இங்கேதான். "பெரிய எண் எதுவோ அது கேத்தோடு" என்று மனப்பாடம் செய்திருப்பார். 0.76, 0.44 என்ற இரண்டையும் பார்த்ததும் 0.76 பெரிதாகத் தெரியும், முன்னால் நிற்கும் மைனஸ் கண்ணில் படாது. துத்தநாகத்தைக் கேத்தோடாக வைத்து −0.76-இலிருந்து −0.44-ஐக் கழித்தால் −0.32 வந்துவிடும். துத்தநாகமும் செம்பும் உள்ள டேனியல் மின்கலத்தில் இந்தக் குழப்பம் அவ்வளவாக வராது. அங்கே ஒன்று மைனஸ், மற்றது பிளஸ், எது மேலே என்பது பளிச்சென்று தெரியும். இரண்டு எண்களும் மைனஸாக இருக்கும் ஜோடியில்தான் உண்மையான சோதனை. தாளின் ஓரத்தில் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, நடுவில் சுழியம் குறித்து, இரண்டு உலோகங்களையும் அதனதன் இடத்தில் எழுதிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. மேலே இருப்பது கேத்தோடு, கீழே இருப்பது ஆனோடு.

எழுதியது சரிதானா என்று பார்க்க ஜி.ஐ. பைப்பை நினைத்துக்கொண்டாலும் போதும். இரும்புக் குழாய்க்கு மேல் துத்தநாகப் பூச்சு கொடுப்பார்கள். பூச்சில் கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்தில் துத்தநாகம் இருக்கும்வரை அதுதான் கரையும், இரும்பு தப்பிக்கும். அதாவது அங்கே ஆனோடு துத்தநாகம். வெள்ளீயம் பூசிய தகர டப்பாவில் கதை மாறுகிறது. வெள்ளீயத்தின் எண் −0.14, இரும்பைவிட மேலே. பூச்சில் கீறல் விழுந்தால் ஈரத்தில் இரும்பே ஆனோடாகி, கீறல் விழுந்த இடத்தில் விரைவாகத் துருப்பிடிக்கும்.

அடுத்தது −1.20. இது அதைவிடப் பெரிய தப்பு, இதன் வேர் வேறு. இந்தக் கணக்கைப் போட இரண்டு வழிகள் உண்டு. இரண்டு எண்களையும் அட்டவணையில் உள்ளபடியே வைத்துக்கொண்டு கேத்தோடிலிருந்து ஆனோடைக் கழிக்கலாம்: −0.44 − (−0.76) = +0.32. அல்லது ஆனோடில் நடப்பது ஆக்சிஜனேற்றம் என்பதால் அதன் குறியை முதலிலேயே மாற்றி +0.76 ஆக்கிவிட்டு, பிறகு கூட்டலாம்: +0.76 + (−0.44) = +0.32. இரண்டும் ஒன்றேதான், கழிப்பது என்பதே குறியை மாற்றிக் கூட்டுவதுதானே. பள்ளியில் ஒரு வழியையும் டியூஷனில் மற்றதையும் கற்ற பிள்ளை இரண்டையும் கலந்துவிடுகிறது. குறியையும் மாற்றி, பிறகு கழிக்கவும் செய்தால் −0.44 − 0.76 = −1.20. மைனஸ் உறுத்துவதால் அதை அழித்து 1.20 என்று எழுதுவதும் உண்டு.

−0.32 எழுதியவர் திசையை மட்டும் மாற்றிவிட்டார், அளவு சரி. −1.20-க்கும் இந்த மின்கலத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. செங்குத்துக் கோட்டில் இரண்டு உலோகங்களுக்கும் இடையே உள்ள தூரம் 0.32. எந்த வழியில் போட்டாலும், எதை எந்தப் பக்கம் வைத்தாலும் குறியை நீக்கினால் வர வேண்டிய எண் அதுதான். வராவிட்டால் குறி இருமுறை மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் குழப்பத்துக்கு மாணவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேதியியலாளர்களே நெடுங்காலம் இரண்டு முகாமாக இருந்தவர்கள். அமெரிக்காவில் வெண்டல் லாட்டிமர் 1938-ல் வெளியிட்ட புகழ்பெற்ற நூல் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தங்களையே பட்டியலிட்டது. அதில் துத்தநாகத்தின் எண் பிளஸ். ஐரோப்பியர் பலர் அதை மைனஸில் எழுதினார்கள். 1953-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய ஐயூபாக் அமைப்புதான் மின்முனை மின்னழுத்தம் என்றாலே ஒடுக்க மின்னழுத்தம் என்று ஒரே வழக்கத்தை வகுத்தது. பழைய புத்தகத்தின் அட்டவணையைப் பார்க்கிறவர்கள் துத்தநாகத்தின் முன்னால் என்ன குறி இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

இனி, மைனஸே சரியான விடையாக வரும் இடம். பள்ளி ஆய்வகத்தில் ஒரு டேனியல் மின்கலத்தைச் செய்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைத் துத்தநாகத்திலும் சிவப்பு முனையைச் செம்பிலும் வையுங்கள். திரையில் ஏறக்குறைய 1.1 வோல்ட் தெரியும். இப்போது முனைகளை மட்டும் இடம் மாற்றுங்கள். அதே 1.1, முன்னால் ஒரு மைனஸ். குவளைக்குள் எதுவும் மாறவில்லை. துத்தநாகம் முன்போலவே கரைகிறது, அதுதான் இப்போதும் ஆனோடு. மாறியது நாம் மீட்டரைப் பிடித்த விதம்.

தாளில் மின்கலத்தை எழுதும் முறையும் இதேதான். இடது பக்கம் எழுதுவது கறுப்பு முனை, வலது பக்கம் எழுதுவது சிவப்பு முனை. மின்கலத்தின் மின்னழுத்தம் என்பது வலதிலிருந்து இடதைக் கழித்தது:

E°(மின்கலம்) = E°(வலது) − E°(இடது)

கேள்வியில் Fe | Fe²⁺ || Zn²⁺ | Zn என்று கொடுத்து மின்னழுத்தம் கேட்டால், −0.76 − (−0.44) = −0.32 என்பதுதான் விடை. "மைனஸ் வரக்கூடாதே" என்று இடம் மாற்றி 0.32 எழுதினால் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னதாகிவிடும். இரும்பு எலக்ட்ரானை இழந்து துத்தநாக அயனி அதை வாங்குவதாக அங்கே எழுதியிருக்கிறது. அது தானாக நடக்காது என்று மைனஸ் அறிவிக்கிறது. மாறாக, "இந்த இரண்டு மின்முனைகளைக் கொண்டு வேலை செய்யும் மின்கலம் அமைத்தால்" என்று மட்டும் கேட்டால் திசையைத் தேர்வது நம் பொறுப்பு. அப்போது விடை பிளஸில்தான் வர வேண்டும்.

குறி தப்பினால் பின்னால் வரும் எல்லாம் தப்பும். தனி ஆற்றல் மாற்றம் ΔG° = −nFE°. சரியான குறியோடு போட்டால் −2 × 96500 × 0.32, அதாவது ஏறக்குறைய −61.8 கிலோ ஜூல். வினை தானாக நடக்கும். குறி மாறினால் அதே எண் பிளஸில் வந்து, நடக்கும் வினையை நடக்காது என்று சொல்லிவிடும்.

"ஆனோடு என்றால் மைனஸ் முனை" என்று மனப்பாடம் செய்வதும் ஆபத்தானது. மின்சாரம் தரும் கலத்தில் அது உண்மை, சார்ஜ் ஏற்றும்போது உண்மையல்ல. கார் பேட்டரி ஓடும்போது காரீயத் தகடு எலக்ட்ரானை இழக்கிறது. அது ஆனோடு, மைனஸ் முனை. சார்ஜரை மாட்டியதும் அதே தகட்டில் ஒடுக்கம் நடக்கிறது. இப்போது அது கேத்தோடு. ஆனால் பேட்டரியின் மேல் பொறித்த மைனஸ் குறி அப்படியே இருக்கிறது, முனையும் மைனஸாகவே இருக்கிறது. ஆக்சிஜனேற்றம் எங்கே நடக்கிறது என்று கேட்டுப் பெயர் வைத்தால் இரண்டு நிலைகளிலும் தவறு வராது.

அட்டவணையைச் சரியாகப் படித்தும் ஆனோடு மாறிப்போகும் கணக்கு ஒன்று உண்டு. வெள்ளீயத்தின் எண் −0.14, காரீயத்தினுடையது −0.13. வெள்ளீயத்தை இடதில் ஆனோடாகவும் காரீயத்தை வலதில் கேத்தோடாகவும் வைத்தால் 0.01 வோல்ட். இது இரண்டு கரைசல்களும் 1 மோலார் செறிவில் இருக்கும்போது. வெள்ளீயக் கரைசலை 1 மோலாராகவே வைத்துக்கொண்டு, காரீயக் கரைசலை மட்டும் 0.001 மோலாராக நீர்க்கச் செய்தால்? நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் போடுவோம்:

E = 0.01 − (0.0591 / 2) × log(1 / 0.001) = 0.01 − 0.089 = −0.079 வோல்ட்

இங்கே யாரும் எதையும் இடம் மாற்றி எழுதவில்லை. வாங்குவதற்குக் காரீய அயனிகள் போதாததால் கலமே திசை திரும்பிவிட்டது: இனி காரீயம் கரையும், வெள்ளீயம் படியும். அட்டவணையில் இரண்டு எண்களுக்கும் இடைவெளி குறைவாக இருக்கும் ஜோடிகளில் இது நடக்கும். துத்தநாகம்–செம்பு போன்ற 1.10 வோல்ட் இடைவெளியைப் புரட்ட வேண்டுமானால் செறிவுகளின் விகிதம் 10-இன் 37ஆம் அடுக்கைத் தாண்ட வேண்டும். எந்தக் குவளையிலும் அது நடக்காது. ஆகவே வெள்ளீயம்–காரீயக் கணக்கில் −0.079 வந்தால் அதை அப்படியே எழுதி, "கொடுத்த செறிவில் வினை எதிர்த்திசையில் நடக்கும், காரீயமே ஆனோடு" என்று பக்கத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.