எந்த வழியாக, யாருக்கு: ஆய்வேட்டில் மீடியேட்டரும் மாடரேட்டரும்

தேர்வு அழுத்தம் கூடும்போது மாணவரிடம் மனச்சோர்வும் கூடுகிறது என்று ஓர் உளவியல் ஆய்வேடு காட்டிவிட்டால், அடுத்து இரண்டு கேள்விகள் எழுகின்றன. அழுத்தம் எந்த வழியாகச் சோர்வை உண்டாக்குகிறது என்பது ஒன்று. யாருக்கு அந்தப் பாதிப்பு அதிகம், யாருக்குக் குறைவு என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடையாக நிற்கும் மாறி மீடியேட்டர். இரண்டாவதற்கு விடையாக நிற்பது மாடரேட்டர். இரண்டையும் குழப்பிக்கொள்வது பழைய நோய். அதைத் தெளிவுபடுத்தத்தான் ரூபன் பேரனும் டேவிட் கென்னியும் 1986இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். குழப்பம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

அழுத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் சோர்வைக் கூட்டுகிறது என்று ஆய்வேடு சொன்னால், தூக்கக்கேடு மீடியேட்டர். அது காரணத்தால் மாறி, விளைவை மாற்றுகிறது. குடும்பத்தின் ஆதரவு உள்ள மாணவரை அதே அழுத்தம் குறைவாகவே பாதிக்கிறது என்றால், ஆதரவு மாடரேட்டர். அது அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அல்ல. தொடர்பின் வலுவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் வெளிச்சூழல்.

மீடியேஷனைச் சோதிக்க இரண்டு ரெக்ரஷன்கள் வேண்டும். முதலாவது, அழுத்தத்தைக் கொண்டு தூக்கக்கேட்டைக் கணிப்பது. அதன் கெழு a. இரண்டாவது, அழுத்தம், தூக்கக்கேடு இரண்டையும் சேர்த்துச் சோர்வைக் கணிப்பது. அதில் தூக்கக்கேட்டின் கெழு b, அழுத்தத்தின் கெழு c'. உதாரணத்துக்கு a 0.40, b 0.45, c' 0.32 என்று வைத்துக்கொண்டால், தூக்கத்தின் வழியாக வரும் மறைமுக விளைவு a × b, அதாவது 0.18. நேரடி விளைவான 0.32ஐயும் கூட்டினால் மொத்த விளைவு 0.50.

சோதிக்க வேண்டியது அந்த 0.18ஐத்தான். a, b இரண்டும் தனித்தனியே முக்கியத்துவம் பெற்றன என்று எழுதி நிறுத்திக்கொள்வது போதாது. பெருக்கற்பலன் பெரும்பாலும் சமச்சீரான மணி வடிவில் பரவாது. பரவும் என்று கொள்ளும் பழைய சோபல் சோதனை அதனால்தான் வலுவிழந்தது. இன்றைய வழக்கம் பூட்ஸ்ட்ராப். இருக்கும் தரவிலிருந்தே மாதிரிகளைத் திரும்பத் திரும்ப, பெரும்பாலும் 5,000 முறை எடுத்து, ஒவ்வொரு முறையும் a × b கணக்கிடப்படுகிறது. அப்படிக் கிடைக்கும் 95 சதவீத நம்பக இடைவெளிக்குள் பூஜ்ஜியம் வராவிட்டால் மறைமுக விளைவு உண்டு எனலாம். SPSSஇல் ஆண்ட்ரூ ஹேய்ஸின் PROCESS இதைச் செய்கிறது. எளிய மீடியேஷனுக்கு அதில் Model 4, மாடரேஷனுக்கு Model 1.

மாடரேஷனுக்கு ஒரே ரெக்ரஷன் போதும். அழுத்தம், ஆதரவு, இரண்டையும் பெருக்கி வரும் மூன்றாவது மாறி ஆகியவை அதில் இருக்கும். அந்தப் பெருக்கலின் கெழுவே மாடரேஷன். அது -0.15 என்றும், சராசரி ஆதரவு உள்ளவருக்கு அழுத்தத்தின் சரிவு 0.50 என்றும் கொள்வோம். ஆதரவு சராசரியைவிட ஒரு திட்ட விலக்கம் குறைவாக உள்ளவருக்குச் சரிவு 0.65, அதே அளவு கூடுதலாக உள்ளவருக்கு 0.35. இரண்டு கோடுகளாக வரைந்து காட்டினால் தேர்வாளருக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

இங்கே மாணவர் வழுக்கும் இடங்கள் இரண்டு. ஆதரவு அதிகம், குறைவு என இரு குழுக்களாகப் பிரித்து, ஒன்றில் தொடர்பு முக்கியத்துவம் பெற்றது, மற்றதில் பெறவில்லை, ஆகவே மாடரேஷன் உண்டு என்று முடிவு கட்டுவது ஒன்று. இரு சரிவுகளும் உண்மையில் வேறுபடுகின்றனவா என்பதை அது சோதிப்பதே இல்லை. மற்றொன்று, பெருக்கலைச் சேர்த்தபின் அழுத்தத்தின் கெழுவைப் பொதுவான விளைவாகப் படிப்பது. அது ஆதரவின் மதிப்பு பூஜ்ஜியமாக உள்ளவருக்கான விளைவு மட்டுமே. 1 முதல் 5 வரை போகும் அளவையில் அப்படி ஒருவரும் இல்லை. சராசரியைக் கழித்துவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருள் வரும்.

வைவாவில் தவறாமல் வரும் கேள்வி, "ஆதரவு ஏன் மீடியேட்டர் ஆகக்கூடாது?" என்பது. ஆகலாம். அழுத்தத்தில் இருக்கும் மாணவர் வீட்டாரையும் நண்பர்களையும் விட்டு ஒதுங்குகிறார், ஆதரவு குறைகிறது, அதனால் சோர்வு கூடுகிறது என்று கோட்பாடு சொன்னால் அதுவே மீடியேட்டர். ஷெல்டன் கோயனும் தாமஸ் வில்ஸும் 1985இல் விவரித்த, ஆதரவு அழுத்தத்தின் தாக்கத்தைத் தணிக்கிறது என்ற கருத்தை ஆய்வேடு பின்பற்றினால் மாடரேட்டர். மாறியின் பெயர் இதைத் தீர்மானிப்பதில்லை, கருதுகோள் தீர்மானிக்கிறது. ஆகவே விடை கருதுகோள் வாக்கியத்திலேயே இருக்க வேண்டும்: "அழுத்தம் தூக்கக்கேட்டின் வழியாகச் சோர்வைக் கூட்டும்", "ஆதரவு குறைந்தவரிடம் அழுத்தத்துக்கும் சோர்வுக்கும் உள்ள தொடர்பு வலுவாக இருக்கும்."

அடுத்த கேள்வி இன்னும் கடினம். தரவு முழுவதும் ஒரே நாளில், ஒரே வினாத்தாளில் திரட்டப்பட்டிருந்தால், சோர்வே தூக்கத்தைக் கெடுத்திருக்கலாம் அல்லவா? இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலும் பூட்ஸ்ட்ராப் பலமுறை பூஜ்ஜியத்தைத் தாண்டிய விடையையே தரும். எது முன், எது பின் என்று அந்தக் கணக்கால் சொல்ல முடியாது. மூன்று காலகட்டங்களில் அளந்த தரவு இல்லாத ஆய்வேடு, "தூக்கம் காரணம் என்று நிறுவப்பட்டது" என்று எழுதக்கூடாது. "தரவு இந்த வழியுடன் பொருந்துகிறது" என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.