பேனருக்குக் கோப்பு அனுப்பும்போது கூடவே எழுத வேண்டியவை

பண்டிகை விற்பனைக்குக் கடை முகப்பில் பேனர் கட்டுகிறோம். முன்பு அச்சகத்தில் உட்கார்ந்து சொல்லிச் செய்வித்தோம். இன்று பி.டி.எஃப். கோப்பைக் கைப்பேசியில் அனுப்பி, "சாயங்காலத்துக்குள்ள போட்டிருங்க அண்ணாச்சி" என்பதோடு முடித்துவிடுகிறோம். அச்சாகி வந்த பேனரைத் திருப்பிக் கொடுக்க இயலாது. ஆகவே கோப்போடு எதை எழுத வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறோம்.

வண்ணார்பேட்டையில் ஒரு மளிகைக் கடைக்கு 6 அடி அகலம், 3 அடி உயரத்தில் பேனர் தேவை என்று வைத்துக்கொள்வோம். பலர் ஏ4 தாளில் வடிவமைத்து, "பெரிதாக்கிக் கொள்ளுங்கள்" என்கிறார்கள். படுக்கைவாட்டில் வைத்த ஏ4 தாளை 6 அடி அகலத்துக்குப் பெரிதாக்கினால் உயரம் ஏறக்குறைய 51 அங்குலம் வரும். நமக்கு வேண்டியதோ 36 அங்குலம். மீதி 15 அங்குலத்தை வெட்டினால் மேலே கடைப் பெயரும் கீழே தொலைபேசி எண்ணும் போகும்; வெட்டாமல் அமுக்கினால் எழுத்து சப்பையாகும். எனவே தொடக்கத்திலேயே 72க்கு 36 அங்குலம் என்ற கணக்கில் வடிவமைக்கச் சொல்ல வேண்டும்.

அடுத்தது ப்ளீட், அதாவது வெட்டுக்கு விடும் உபரி. பின்னணி நிறம் விளிம்புவரை வருமானால், வெட்டும்போது கத்தி சற்று விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். அதைத் தவிர்க்க நான்கு பக்கமும் ஓர் அங்குலம் பின்னணியை நீட்டுகிறோம். அப்போது கோப்பின் அளவு 74க்கு 38 அங்குலம் ஆகும். இரண்டு அளவுகளையும் எழுதாவிட்டால், அச்சகத்தார் உபரியையும் சேர்த்து 72க்கு 36க்குள் சுருக்கிவிடுவர். உபரி விட்டதே வீணாகும். எழுத்துகளை விளிம்பிலிருந்து 3 அங்குலம் உள்ளே நிறுத்தினால் கயிறு கட்டும் வளையம் அவற்றின்மேல் விழாது. ஓரத்தை மடித்து ஒட்டுவதானால் எவ்வளவு உபரி வேண்டும் என்று அச்சகத்தாரையே முன்கூட்டிக் கேட்பது நலம்.

மூன்றாவது நிறம். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அது ஆர்.ஜி.பி. முறை. அச்சு இயந்திரம் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளால் காட்டுகிறது, அது சி.எம்.ஒய்.கே. முறை. மஞ்சளும் குங்குமச் சிவப்பும் பெரும்பாலும் நன்றாகவே வரும். திரையில் பளீரென்ற கிளிப்பச்சையும் மின்னும் நீலமும் மங்கிவிடும். அனுப்புமுன் நாமே மாற்றிப் பார்த்தால், மங்கும் நிறத்தை முன்பே விட்டுவிடலாம்.

தமிழ் எழுத்துரு அச்சகக் கணினியில் இல்லாவிட்டால் எழுத்து குழம்பக்கூடும். ஆகையால் எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றிய பின்னரே பி.டி.எஃப். எடுக்க வேண்டும்.

எழுத வேண்டிய செய்தி இவ்வளவே:

"அண்ணாச்சி, வணக்கம். பேனர் பி.டி.எஃப். அனுப்பியுள்ளோம். வெட்டியபின் அளவு அகலம் 72, உயரம் 36 அங்குலம். நான்கு பக்கமும் 1 அங்குலம் ப்ளீட் சேர்த்துக் கோப்பின் அளவு 74க்கு 38. சுருக்க வேண்டாம். நிறம் சி.எம்.ஒய்.கே. எழுத்துகள் கோட்டுருவாக உள்ளன. நான்கு மூலையிலும் வளையம் வேண்டும். ஒரு பிரதி. அச்சிடுமுன் மாதிரி காட்டவும்."

மாதிரி வந்ததும் கடைப் பெயர், விலை, தொலைபேசி எண் மூன்றையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகே சம்மதம் சொல்லுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.