மனைவி பெயரில் டெபாசிட், கணவர் கணக்கில் வட்டி

கோயம்புத்தூரில் நல்ல சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 30 சதவீத வரி கட்டுபவர். மனைவிக்குச் சொந்த வருமானம் இல்லை. சேமிப்பிலிருந்து 10 லட்சம் ரூபாயை மனைவிக்கு அன்பளிப்பாகக் கொடுத்து, அவர் பெயரிலேயே 7 சதவீத வட்டிக்கு வங்கியில் டெபாசிட் போடுகிறார். வட்டி ஆண்டுக்கு 70,000 ரூபாய். மனைவிக்கு வேறு வருமானம் இல்லாததால் வரியும் இல்லை என்பது அவர் போட்ட கணக்கு.

பாதிக் கணக்கு சரிதான். கணவன் மனைவிக்குத் தரும் அன்பளிப்புக்கு வரி கிடையாது. ஆனால் அந்தப் பணம் ஈட்டும் வருமானம் கொடுத்தவருடையதாகவே கருதப்படும் என்றது 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 64-வது பிரிவு. இதைத்தான் ஆடிட்டர்கள் ‘கிளப்பிங்’ என்கிறார்கள். 2025-ல் வந்த புதிய வருமான வரிச் சட்டமும் இதை விட்டுவிடவில்லை. ஆக, 70,000 ரூபாயும் கணவரின் வருமானத்தோடு சேரும். வரி 21,000, அதன் மேல் 4 சதவீத செஸ் 840. மொத்தம் 21,840 ரூபாய்.

இதில் பலர் வழுக்கி விழும் இடம் வங்கி கவுன்டர்தான். வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று மனைவி ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அந்தப் படிவத்தில், ‘இந்த வருமானம் வேறு எவருடைய வருமானத்திலும் சேர்க்கத்தக்கதல்ல’ என்ற உறுதிமொழியும் இருக்கிறது. கணவர் தந்த பணத்துக்கு அது பொய்யான உறுதிமொழி! பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? படிவத்தைத் தவிர்த்துவிட்டு, வட்டியைக் கணவர் தன் ஐடிஆர்-2 ரிட்டர்னில் ‘Schedule SPI’ பகுதியில் காட்டுவதே முறை.

அப்படியானால் மனைவி பெயரில் முதலீடு செய்வதால் பயனே இல்லையா? இருக்கிறது, பொறுமை இருந்தால். கிளப்பிங் பிடிப்பது கொடுத்த பணத்தின் வருமானத்தை மட்டும்தான். அந்த வருமானத்தை மறுபடி முதலீடு செய்து வரும் வருமானம் மனைவிக்கே சொந்தம். முதல் ஆண்டு வட்டி 70,000 ரூபாயைத் தனி டெபாசிட்டில் போட்டால், இரண்டாம் ஆண்டில் அது தரும் 4,900 ரூபாய் கணவர் கணக்கில் சேராது. இப்படியே 10 ஆண்டுகள் போனால் மொத்தத் தொகை ஏறக்குறைய 19.67 லட்சமாகிவிடும். பதினோராம் ஆண்டின் வட்டி சுமார் 1,37,700 ரூபாய். அதில் கணவருடையது அதே 70,000 மட்டுமே; மீதி 67,700 மனைவியுடையது.

ஆனால் வட்டியும் அசலும் ஒரே டெபாசிட்டில் கலந்து கிடந்தால் எது யாருடையது என்று பிரித்துக் காட்டுவது தலைவலி. ஆண்டுதோறும் வட்டியை எடுத்து, மனைவியின் வேறொரு கணக்கில் வைப்பது நல்லது.

குறுக்கு வழிகளும் பழையவைதான். 1947-ல் சென்னையில் ஒரு குடும்பம் வீடு வாங்கியது. மருமகளின் பங்குக்கு மாமனார் பணம் தந்தார். தாயின் பங்குக்கு மகன் தந்தார். தன் மனைவிக்குத் தான் தரவில்லையே என்று இருவருமே சொல்லலாம் அல்லவா? சி.எம்.கோத்தாரி வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில், 1963-ல் உச்ச நீதிமன்றம் இந்தச் சுற்று வழியை ஏற்கவில்லை. இரண்டு அன்பளிப்புகளும் ஒன்றுக்கொன்று ஈடாகக் கோக்கப்பட்டவை. எனவே கணவன் மனைவிக்குத் தந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. இரண்டு நண்பர்கள் ஒருவர் மனைவிக்கு மற்றவர் பணம் கொடுத்துக்கொண்டாலும் கதி இதுதான்.

மைனர் பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கறார். இங்கே பணம் யார் தந்தது என்ற கேள்வியே எழாது. காதுகுத்துக்குத் தாத்தா தந்த பணத்தைப் பேத்தி பெயரில் போட்டாலும், அதன் வட்டி பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவருடைய வருமானத்தில் சேரும். பழைய வரி முறையில் இருப்பவருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,500 ரூபாய் வரை விலக்கு. அதைச் சலுகை என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பிள்ளை நடித்தோ பாடியோ தன் திறமையால் சம்பாதித்தது இதில் சேராது. ஆனால் அந்தச் சம்பாத்தியத்தை வங்கியில் போட்டு வரும் வட்டி சேரும். செல்வமகள் சேமிப்புத் திட்டத்தின் வட்டிக்கு வரியே இல்லாததால் அங்கே இந்தச் சிக்கல் எழாது.

பிள்ளைக்கு 18 வயது நிறைந்த நாளிலிருந்து இந்த விதி விலகிவிடும். பெற்றோர் தந்த பணத்தில் மைனர் பெயரில் வாங்கிய மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுகளை அதற்கு ஒரு மாதம் முன்பு விற்றால் லாபம் பெற்றோர் கணக்கில் சேரும். மேஜரான பிறகு விற்றால் முழு லாபமும் பிள்ளையின் கணக்கில்தான்.